ராஜினாமா கடிதம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஆதாரம்: கையில் கொடுத்தாலும், மெயிலில் அனுப்பினாலும், தபாலில் போட்டாலும்

என் தங்கை அம்பத்தூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். மாதம் 36,000 ரூபாய் சம்பளம், 60 நாள் நோட்டீஸ். மார்ச் 2, திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்தாள். மே 4, திங்கட்கிழமை புது வேலையில் சேர வேண்டும். ஏப்ரல் நடுவில் ஹெச்ஆரிலிருந்து கூப்பிட்டு, "உங்க லெட்டர் எங்களுக்கு வந்தது மார்ச் 16-தான். மே 15 வரைக்கும் நீங்க வரணும். இல்லைன்னா மிச்ச நாளுக்குச் சம்பளத்துல பிடிப்போம்" என்றார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்ச் 3-ஐ முதல் நாளாக எண்ணினால் அறுபதாவது நாள் மே 1. மார்ச் 17-ஐ முதல் நாளாக எண்ணினால் மே 15. இடையில் 14 நாள். ஒரு நாளைக்கு 1,200 ரூபாய் வீதம் 16,800 ரூபாய். ராஜினாமா செய்தாளா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. கடிதம் என்றைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற ஒரே கேள்வியில்தான் இத்தனை பணமும் தொங்கியது.

அவள் அந்தப் போனில் வாதாடவில்லை. மூன்று தாள்களை இணைத்து ஒரு மெயில் போட்டாள். மறுநாள் "மே 1 உங்கள் கடைசி நாள்" என்று பதில் வந்துவிட்டது. அந்த மூன்று தாள்கள் எவை, எப்படிச் சேர்த்தாள் என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன். தனியார் நிறுவன ஊழியர்களுக்கான வழி இது. அரசு ஊழியர்களின் ராஜினாமா ஏற்கப்பட்ட பிறகே செல்லும், அதற்கான பணி விதிகள் தனி.

எதை நிரூபிக்க வேண்டும்?

பின்னால் தகராறு வந்தால் மூன்று கேள்விகள் எழும். என்ன எழுதி அனுப்பினீர்கள்? யாருக்கு அனுப்பினீர்கள்? அது அவர்களிடம் என்றைக்குச் சேர்ந்தது?

ஒவ்வொரு வழியும் இவற்றில் ஒன்றிரண்டுக்குத்தான் பதில் சொல்லும். தபால் ரசீது, ஒரு கவர் போனதைக் காட்டும். கவருக்குள் என்ன இருந்தது என்று காட்டாது. "கவர் வந்தது, உள்ளே வெறும் லீவ் லெட்டர்தான் இருந்தது" என்று சொல்ல இடம் இருக்கிறது. மெயிலின் சென்ட் ஃபோல்டர், நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதை வரி வரியாகக் காட்டும். அது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததா என்று காட்டாது. கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய நகல் மூன்றுக்கும் பதில் சொல்லிவிடும். ஆனால் கையெழுத்துப் போட எதிராளி மனது வைக்க வேண்டும். அதனால்தான் ஒரே நாளில் மூன்றையும் செய்து, ஒன்றில் மற்றொன்றைக் குறிப்பிட்டு முடிச்சுப் போட வேண்டும் என்கிறேன். முழு வழிகாட்டியின் சாரமும் இந்த முடிச்சுதான்.

முந்தின நாள்: அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுங்கள்

வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த ஆர்டரில் "நோட்டீஸ்" பற்றி ஒரு பத்தி இருக்கும். அதில் மூன்று விஷயம் பாருங்கள். எத்தனை நாள் என்பது ஒன்று. எழுத்து மூலமா, குறிப்பிட்ட மெயில் முகவரிக்கா, கம்பெனியின் ஹெச்ஆர் போர்ட்டல் வழியாகவா, எப்படிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது என்பது இரண்டாவது. கொடுத்த நாளிலிருந்தா, கிடைத்த நாளிலிருந்தா, எப்போதிலிருந்து நாள் எண்ண வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றாவது விஷயம் பல ஆர்டர்களில் தெளிவாக இருக்காது. அப்படியானால் கிடைத்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

ஆர்டரில் சொல்லியிருக்கும் வழி எதுவோ அதை முதலில் செய்யுங்கள். போர்ட்டலில் போடச் சொல்லியிருந்தால் போர்ட்டலில் போட்டே ஆக வேண்டும். போட்டதும் தேதி, நேரம், கோரிக்கை எண் தெரிகிற மாதிரி திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடியும்போது போர்ட்டல் கணக்கும் போய்விடும், அதனால் அது மட்டும் போதாது.

அடுத்து முகவரி. நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் கிளை வேறு, கம்பெனியின் பதிவு அலுவலகம் வேறு ஊரில் இருக்கலாம். தங்கை அம்பத்தூரில் இருந்தாள், பதிவு அலுவலகம் கோயம்புத்தூரில். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 20-ஆம் பிரிவு, ஒரு கம்பெனிக்கு எதையாவது சேர்ப்பிக்க வேண்டுமானால் அதன் பதிவு அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபால், ஸ்பீட் போஸ்ட், கூரியர் ஆகியவற்றில் அனுப்பலாம், அங்கே நேரில் கொண்டுபோயும் கொடுக்கலாம் என்கிறது. அந்த முகவரி கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். இல்லையென்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் கிடைக்கும். பின்கோடு வரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். முகவரியில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் "முகவரி போதவில்லை" என்று கவர் திரும்பி வர வாய்ப்பு உண்டு. அந்தத் தவறு உங்கள் பக்கம்தான் எழுதப்படும்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்

சுருக்கமாக, ஒரே பக்கத்தில். ஒரு பக்கமாக இருந்தால் சீல் விழுகிற பக்கமும் விஷயம் இருக்கிற பக்கமும் ஒன்றாகிவிடும். இரண்டு பக்கம் போனால், இரண்டாவது தாளை நீங்கள் பிறகு மாற்றினீர்கள் என்று ஒரு பேச்சு வரும்.

தங்கை எழுதியதன் சாரம் இது:

> தேதி: மார்ச் 2
>
> பெறுநர்: மனிதவள மேலாளர் (கம்பெனி பெயர், பதிவு அலுவலக முகவரி)
>
> பொருள்: ராஜினாமா அறிவிப்பு, ஊழியர் எண் …
>
> எனது பணி நியமன ஆணையின் … பத்தியின்படி 60 நாள் அறிவிப்பு கொடுத்து என் பணியிலிருந்து விலகுகிறேன். இந்த அறிவிப்பு இன்று, மார்ச் 2 முதல் நடப்புக்கு வருகிறது. மே 1 என் பணியின் கடைசி நாள்.
>
> இந்தக் கடிதம் இன்று நேரிலும், மின்னஞ்சலிலும், ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பப்படுகிறது. மூன்றும் ஒரே அறிவிப்பு.
>
> (கையெழுத்து, பெயர், கைபேசி எண், சொந்த மின்னஞ்சல்)

"விலக விரும்புகிறேன்", "ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதினால் அது விண்ணப்பம் மாதிரி இருக்கும், "நாங்கள் இன்னும் ஏற்கவில்லை" என்று இழுத்தடிக்க வழி விடும். "விலகுகிறேன்" என்று எழுதுங்கள். கடைசி நாளைத் தேதியாகவே எழுதுங்கள். காரணம் எழுத வேண்டிய அவசியம் இல்லை. மனக்கசப்பு இருந்தால் அது இந்தத் தாளில் வேண்டாம், தேவைப்பட்டால் தனியாக எழுதிக்கொள்ளலாம்.

"மூன்றும் ஒரே அறிவிப்பு" என்ற வரி சும்மா போட்டதில்லை. அது இல்லையென்றால், கடைசியாக வந்து சேர்ந்த தபாலைக் காட்டி "இதுதான் உங்கள் நோட்டீஸ்" என்று தேதியை நகர்த்துவார்கள்.

அச்செடுக்கும்போது நான்கு பிரதி எடுத்து நான்கிலும் பேனாவால் கையெழுத்துப் போடுங்கள். நேரில் கொடுக்க ஒன்று, சீல் வாங்கிக்கொள்ள ஒன்று, தபாலுக்கு ஒன்று, ஸ்கேன் செய்து மெயிலில் இணைக்க ஒன்று.

முதலில் நேரில்

காலையிலேயே போங்கள். அலுவலகத்தில் ஏதாவது தடங்கல் வந்தால், மீதி இரண்டு வழிக்கும் அன்றைய நாளே கையில் இருக்க வேண்டும்.

இன்வர்ட் பிரிவு இருந்தால் அங்கே, இல்லையென்றால் ஹெச்ஆரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, உங்கள் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்குங்கள். அந்த இடத்தில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: கையெழுத்து, கீழே புரியும்படி பெயர், பதவி, தேதி, கம்பெனி சீல். வெறும் கிறுக்கல் கையெழுத்து மட்டும் வாங்கினால் ஆறு மாதம் கழித்து அது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. சீலில் தேதி அச்சாகவில்லை என்றால் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். "உள்ளடக்கத்தை ஏற்றதாகாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது வாங்கியதற்கான ஒப்புகை மட்டுந்தான்.

தங்கைக்கு இங்கேதான் தடை வந்தது. பத்தரை மணிக்குப் போனாள். ஹெச்ஆர் அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "எம்டி ஊர்ல இல்லை. வெச்சிட்டுப் போங்க, அவர் வந்ததும் பேசிட்டு சைன் போட்டுத் தர்றேன்" என்றார். ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். பலரும் ஏமாறுவது இந்த அன்பில்தான். மேஜையில் வைத்துவிட்டு வந்த கடிதத்துக்கு எந்த ஆதாரமும் கிடையாது. எம்டி வந்த நாள் மார்ச் 16. அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

சண்டை போட வேண்டாம். "சரி சார், ஒரு காப்பி இங்க இருக்கட்டும். மெயிலும் தபாலும் அனுப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். பக்கத்தில் இருந்த சக ஊழியரைச் சாட்சியாக நம்பாதீர்கள். அவர் அங்கேயேதான் நாளைக்கும் வேலை பார்க்க வேண்டும், அவரை அந்தச் சங்கடத்தில் மாட்டிவிடுவதும் முறையில்லை. வாசலில் செக்யூரிட்டி மட்டும் வாங்கினால், இன்வர்ட் நோட்டில் பதிந்த வரிசை எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பத்து நிமிடத்தில் மெயில்

கடிதத்தை வாங்க மறுத்தாலும் மழுப்பினாலும், அதையே உடனே மெயிலில் எழுதிவிட வேண்டும். நடந்த கையோடு எழுதிய குறிப்புக்கு இருக்கிற மதிப்பு, இரண்டு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதற்குக் கிடையாது. தங்கை 11.05-க்கு அனுப்பிய மெயிலில், கடித வாசகம் முழுவதையும் போட்டுவிட்டு, மேலே இரண்டு வரி சேர்த்திருந்தாள்: "இன்று காலை 10.30 மணிக்கு மனிதவள அதிகாரியிடம் இந்தக் கடிதத்தை நேரில் கொடுத்தேன். நிர்வாக இயக்குநர் வந்த பிறகு ஒப்புகை தருவதாகச் சொல்லிக் கடிதத்தை வைத்துக்கொண்டார்." யாரையும் குற்றம் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் எழுதினாள்.

கடிதத்தை இணைப்பாக மட்டும் அனுப்பாதீர்கள். மெயிலின் உடலிலும் முழு வாசகத்தையும் போடுங்கள். "இணைப்பு திறக்கவில்லை" என்ற பதிலுக்கு அப்போது இடமிருக்காது. கையெழுத்துப் போட்ட பிரதியின் ஸ்கேனையும் இணையுங்கள். பொருள் வரியில் "ராஜினாமா அறிவிப்பு", உங்கள் பெயர், ஊழியர் எண், தேதி எல்லாம் இருக்கட்டும்.

யாருக்கு? ஆர்டரில் சொன்ன முகவரி, ஹெச்ஆரின் பொது முகவரி, உங்கள் மேலாளர். சிசியில் உங்கள் சொந்த முகவரி. ஆபீஸ் மெயிலிலிருந்து அனுப்பினால் இந்தச் சிசி கட்டாயம். ராஜினாமா கொடுத்த அன்று மாலையே கணக்கை முடக்கிவிடும் இடங்கள் உண்டு. முடக்கிவிட்டால் உங்கள் சென்ட் ஃபோல்டரை நீங்களே பார்க்க முடியாது. அதோடு அதே வாசகத்தைச் சொந்த மெயிலிலிருந்தும் ஒருமுறை அனுப்பிவிடுங்கள். மற்ற ஆபீஸ் கோப்புகள் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்ப வேண்டாம். அது தனிப் பிரச்சினையாக உங்கள் மேல் திரும்பும்.

இனி, போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 13-ஆம் பிரிவின்படி, பெறுபவர் இதற்கென்று ஒரு முகவரியைக் குறித்துக் கொடுத்திருந்தால், மெயில் அந்தக் கணினி அமைப்புக்குள் நுழைந்த நேரமே அவருக்குக் கிடைத்த நேரம். அவர் திறந்து படித்தாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. ஆகவே ஆர்டரில் குறித்த முகவரிக்கு அனுப்புவது அவ்வளவு முக்கியம். உள்ளே நுழைந்ததைக் காட்ட, வலு அதிகமானதிலிருந்து குறைவானது வரை இவை உதவும்.

எல்லாவற்றிலும் மேலானது ஒரு பதில். "பேசலாம்", "ஏன் இந்த முடிவு?" என்று ஒரு வரி வந்தாலும் போதும், நீங்கள் அனுப்பிய வாசகத்தோடு சேர்ந்து அதே தொடரில் அது நிற்கும். பதில் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் அதே தொடரிலேயே, "மார்ச் 2 அன்று அனுப்பிய ராஜினாமா தொடர்பாக, பொறுப்புகளை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெரிவிக்கவும்" என்று கேளுங்கள். இது வேலை சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் பெரும்பாலும் பதில் வந்துவிடும். தேதியைப் பற்றிய கேள்வியாக இருந்தால் யோசித்து யோசித்து விட்டுவிடுவார்கள்.

அடுத்தது தானியங்கிப் பதில். தங்கையின் மேலாளர் அன்று விடுப்பில் இருந்தார். 11.06-க்கு "நான் விடுப்பில் இருக்கிறேன், 5-ஆம் தேதி வருவேன்" என்று அவருடைய மெயில்பெட்டி தானாகவே பதில் அனுப்பியது. பலரும் இதை உடனே அழித்துவிடுவார்கள். அழிக்காதீர்கள். உங்கள் மெயில் அந்தப் பெட்டிக்குள் போனதால்தான் அந்தப் பதில் வந்தது, அதுவும் எந்த நிமிடத்தில் என்ற பதிவோடு. மார்ச் 16 கதையை முறித்த முதல் தாள் இதுதான்.

பிறகு டெலிவரி ரசீது. ஆபீஸில் அவுட்லுக் இருந்தால் அனுப்பும் முன் `Request a Delivery Receipt` என்பதை டிக் செய்யுங்கள். `Request a Read Receipt` கேட்டாலும் பெறுபவர் மறுத்துவிடலாம், அது வரவில்லை என்பதால் கவலைப்பட வேண்டாம். சாதாரண ஜிமெயில் கணக்கில் இந்த வசதி கிடையாது. ஜிமெயிலில் அனுப்பிவிட்டு, திரும்பி வரவில்லையே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். திரும்பி வராதது நல்ல அறிகுறி, சேர்ந்ததற்கு அத்தாட்சி ஆகாது. `Mail Delivery Subsystem` என்ற பெயரில் ஏதாவது வந்தால் அந்த முகவரிக்குப் போகவில்லை என்று பொருள். எழுத்துப் பிழையைத் திருத்தி அன்றே மறுபடி அனுப்புங்கள்.

சேமிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். ஸ்க்ரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மெயிலின் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியில் `Show original` போனால், மெயிலின் அடையாள எண், அனுப்பிய நேரம் எல்லாம் வரும். அங்கேயே `Download Original` கொடுத்தால் மெயில் முழுதும் ஒரு கோப்பாக இறங்கும். நீங்கள் அனுப்பியது, வந்த பதில், தானியங்கிப் பதில் மூன்றையும் இப்படி இறக்கிவையுங்கள். மெயில்பெட்டியிலிருந்தும் அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது அதோடு ஒரு சான்றிதழும் வைக்க வேண்டும். அசல் கணக்கு உங்கள் கையில் இருந்தால் அந்தச் சான்றிதழ் கொடுப்பது எளிது.

வாட்ஸ்அப்பில் மேலாளருக்கு "மெயில் அனுப்பியிருக்கிறேன் சார்" என்று ஒரு வரி போடலாம். நீல டிக் வந்தால் துணைக்கு உதவும். ராஜினாமாவையே வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பக் கூடாது.

அன்றைக்கே தபால் நிலையம்

பதிவுத் தபால், அதாவது நம் அப்பா காலத்து ரிஜிஸ்டர் தபால், தனிச் சேவையாக இப்போது இல்லை. 2025-இல் அது ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்டரில் "ரிஜிஸ்டர் தபால்" என்று மட்டும் கேட்டால் சாதாரண ஸ்பீட் போஸ்டாகப் போட்டுவிட வாய்ப்பு உண்டு. "ஸ்பீட் போஸ்ட், ரிஜிஸ்ட்ரேஷனோடு, ப்ரூஃப் ஆஃப் டெலிவரியும் வேணும்" என்று கேளுங்கள். ரிஜிஸ்ட்ரேஷன் சேர்த்தால் முகவரிக்குரியவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் கொடுப்பார்கள். ப்ரூஃப் ஆஃப் டெலிவரி என்பது பழைய ஒப்புகை அட்டையின் இடத்தில் இருப்பது.

2025 அக்டோபரில் மாற்றிய கட்டணப்படி, வெளியூருக்கு 50 கிராம் வரை ஸ்பீட் போஸ்ட் 47 ரூபாய், உள்ளூருக்கு 19 ரூபாய். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 5 ரூபாய் கூடுதல். இவற்றின் மேல் ஜிஎஸ்டி, ப்ரூஃப் ஆஃப் டெலிவரிக்குத் தனிக் கட்டணம். ஓடிபி சொன்னால்தான் கொடுக்கும் வசதியும் 5 ரூபாய்க்கு இருக்கிறது. அதை இந்தக் கடிதத்துக்கு எடுக்காதீர்கள். ஓடிபி பெறுபவருடைய போனுக்குத்தான் போகும். வாங்க விருப்பமில்லாதவர் எண்ணைச் சொல்லாமல் இருந்துவிட்டால் கவர் அங்கேயே நிற்கும்.

பெறுநர் பெயரில் தனி ஆளின் பெயரைப் போடாமல் "மனிதவள மேலாளர்" என்று பதவியைப் போடுங்கள். ஆள் மாறியிருந்தாலோ விடுப்பில் இருந்தாலோ கவர் திரும்பாது. அனுப்புநர் முகவரி முழுதாக இருக்க வேண்டும். ரசீதை வாங்கியதும் அங்கேயே நின்று பெறுநர் பெயர், பின்கோடு, தேதி சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ரசீதின் மை சீக்கிரமே மங்கும், வெயிலில் பர்ஸில் வைத்திருந்தால் இன்னும் வேகமாக. அன்றே போட்டோ எடுத்து, ஜெராக்ஸும் போட்டுவிடுங்கள்.

இப்போது முடிச்சு. தபால் நிலைய வாசலிலேயே நின்று, காலையில் அனுப்பிய அதே மெயில் தொடரில் இன்னொரு மெயில் போடுங்கள்: "மேலே உள்ள கடிதத்தின் கையெழுத்திட்ட பிரதியை இன்று ஸ்பீட் போஸ்டில் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பியுள்ளேன். பதிவு எண் இது. ரசீது இணைப்பில்." 13 எழுத்து கொண்ட அந்த எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள். இதைச் செய்த பிறகு, கவருக்குள் வேறு ஏதோ இருந்தது என்று அவர்கள் சொல்வது கடினம். கவர் கைக்கு வருவதற்கு முன்பே அதில் என்ன வருகிறது என்று எழுத்தில் சொல்லியாயிற்று, அவர்களும் மறுக்கவில்லை.

தினமும் indiapost.gov.in தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். `Item Delivered` என்று வந்த அன்றே தேதி, நேரம் தெரியும்படி அச்செடுத்து வையுங்கள். நாளாகிவிட்டால் அந்த விவரம் தளத்தில் கிடைக்காமல் போகலாம். தங்கையின் கவர் மார்ச் 5, வியாழக்கிழமை கோயம்புத்தூரில் டெலிவரி ஆனது. இது இரண்டாவது தாள்.

கவர் திரும்பி வந்தால்? பயப்பட வேண்டாம், ஆனால் காரணத்தைப் படியுங்கள். "வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதியிருந்தால் அது உங்களுக்குச் சாதகம். சரியான முகவரிக்குப் பதிவு செய்து அனுப்பிய தபால் சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்ற ஊகம் 1897-ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் இருக்கிறது. 2007-இல் அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் செக் பவுன்ஸ் நோட்டீஸ் விஷயத்தில் இந்த ஊகத்தை உறுதி செய்தது. எதிர்த்தரப்பு ஆதாரம் காட்டி இந்த ஊகத்தை உடைக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். "முகவரி போதவில்லை", "இடம் மாறிவிட்டார்" என்று வந்தால் தவறு முகவரியில், திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். எப்படித் திரும்பினாலும் கவரைப் பிரிக்காதீர்கள். ஒட்டியது ஒட்டியபடி, மேலே உள்ள தபால் குறிப்போடு வைத்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. பிரித்துவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்ற பழைய கேள்வி மறுபடி வந்துவிடும்.

தேதியை எண்ணும்போது

மெயிலும் தானியங்கிப் பதிலும் மார்ச் 2 என்கின்றன. தபால் மார்ச் 5 என்கிறது. மார்ச் 5-ஐ எடுத்தால் அறுபதாவது நாள் மே 4, அதாவது தங்கை புது வேலையில் சேர வேண்டிய அதே நாள். பேச்சு முற்றியிருந்தால் அவள் தோற்கக்கூடியது அந்த மூன்று நாளில்தான். புது இடத்தில் சேரும் தேதியைக் கேட்கும்போதே, தபால் போய்ச் சேர ஆகும் நாளையும் சேர்த்து ஒரு வாரம் தள்ளிக் கேட்டிருந்தால் அந்தக் கவலையும் இருந்திருக்காது. இதை அவளுக்கு முன்பே சொல்லாமல் விட்டது என் தவறு.

மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டால்

ராஜினாமா கொடுத்து ஓரிரு வாரம் கழித்து, "நம்ம ஃபார்மட்ல இல்லை, இந்த ஃபார்மட்ல ஒண்ணு எழுதிக் கொடுங்க, இன்னைக்குத் தேதியே போட்டுடுங்க" என்று கேட்பார்கள். தங்கையையும் மார்ச் 16-இல்தான் இப்படிக் கேட்டார்கள். புதுத் தேதியிட்டு ஒரு கடிதம் கொடுத்துவிட்டால், நீங்களே முதல் கடிதத்தை மாற்றிக்கொண்டதாக ஆகிவிடும். அதுவரை சேர்த்த ஆதாரம் எல்லாம் வீணாகிவிடும்.

ஃபார்மை நிரப்பிக் கொடுக்கலாம், தவறில்லை. அவள் செய்தது இதுதான்: ஃபார்மில் ராஜினாமா தேதி என்ற இடத்தில் "மார்ச் 2 (ஏற்கெனவே கொடுத்த கடிதத்தின்படி)" என்று எழுதினாள். கையெழுத்துக்குக் கீழே மட்டும் அன்றைய தேதியைப் போட்டாள். நிரப்பிய ஃபார்மைப் படம் எடுத்து, "கேட்டுக்கொண்டபடி ஃபார்மைக் கொடுத்துள்ளேன், என் அறிவிப்பு மார்ச் 2 தேதியிட்டதே" என்று அதே தொடரில் மெயில் போட்டாள். மூன்றாவது தாள் இந்தப் படம்தான். ஏப்ரலில் அவர்கள் சொன்ன மார்ச் 16 என்ற தேதிக்கு, அவர்களுடைய சொந்த ஃபார்மே எதிராக நின்றது.

கடைசி நாளுக்குப் பிறகு

2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின் 17-ஆம் பிரிவு, ராஜினாமா செய்தவரின் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. அந்த இரண்டு நாளை எண்ணத் தொடங்குவதற்கும் கடைசி நாள் எது என்பது எழுத்தில் உறுதியாகியிருக்க வேண்டும். ஏப்ரல் மெயிலுக்கு வந்த "மே 1 உங்கள் கடைசி நாள்" என்ற பதிலை அதனால்தான் தனியாக அச்செடுத்து வைக்கும்படி தங்கையிடம் சொன்னேன். மே 1 தொழிலாளர் தின விடுமுறை என்பதால் ஏப்ரல் 30 மாலையே அடையாள அட்டையையும் லேப்டாப்பையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினாள்.

ரிலீவிங் லெட்டர் கையில் வந்ததும் சம்பளத் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு தேதிகளைப் பாருங்கள்: ராஜினாமா தேதி, விடுவித்த தேதி. தவறாக இருந்தால் அன்றே, அதே மெயில் தொடரில், சரியான தேதியைச் சொல்லித் திருத்தித் தரக் கேளுங்கள். தங்கைக்கு வந்த முதல் லெட்டரில் ராஜினாமா தேதி மார்ச் 16 என்றே அச்சாகியிருந்தது. யாரோ பழைய குறிப்பைப் பார்த்து அடித்திருக்கிறார்கள். மெயில் போட்டாள், இரண்டு நாளில் மார்ச் 2 என்று திருத்திய லெட்டர் வந்தது.